மாலக்கியைக் கிண்டல் செய்யாதீர்கள்

2016 செப்டம்பர் 12, திங்கள்

மழை. விட்டது. மறுபடி மழை. கொடியில் போட்ட துணியை மூன்று தடவை உள்ளே எடுத்துவிட்டேன். நாலாவது தடவை, நனையட்டும் சனியன் என்று விட்டுவிட்டேன்.

என் புருஷன் மாலக்கி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இன்றோடு மூன்று வாரம். தொண்டையில் புற்று என்று குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். இனி கழுத்தில் உள்ள ஓட்டை வழியாகத்தான் மூச்சு. அதன் மேல் ஒரு சின்னத் துணி தொங்குகிறது, குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது கட்டுவோமே அது போல. நன்றாகச் சாப்பிடுகிறான், நடக்கிறான். பேச்சு மட்டும் இல்லை.

முப்பத்தோரு வருடம் இந்தக் கில்ஃபாடா ஊருக்குத் தபால் கொண்டு போனவன். பதினோரு மணிக்குள் முடிய வேண்டிய சுற்றை மூன்று மணிவரை இழுப்பான். ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் ஒரு டீ, ஒரு வம்பு. அங்கே வாங்கியதை அடுத்த வீட்டில் கொஞ்சம் மசாலா சேர்த்து இறக்குவான். மாலையில் எல்லாவற்றையும் மூட்டை கட்டி எனக்குக் கொண்டு வருவான். கேட்டுக் கேட்டு எனக்குத் தலை வலிக்கும். கொஞ்சம் வாயை மூடேன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?

அதனால்தான் இந்த நோட்டு வாங்கினேன். வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. எங்காவது பேச வேண்டுமே.

செப்டம்பர் 16, வெள்ளி

சுகாதார நிலையத்தில் வேலை முடிந்ததும் நேராக நூலாவின் பப்புக்குப் போனேன். மாலக்கிக்குத் தெரியாது. கோனல், வழக்கமான கூட்டம், கல்லாவில் நூலா. எல்லோரும் இருந்தார்கள். மாலக்கியின் பழைய கூட்டாளி ஹ்யூடி மட்டும் இல்லை. அவன் ஆகஸ்டிலேயே கிளாஸ்கோவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டான்.

"ஒரு உதவி வேணும். மாலக்கி அடுத்த சனிக்கிழமை வருவான். அவன யாரும் ஓட்டாதீங்க. அவனால திருப்பிக் குடுக்க முடியாது. பாவம்."

கோனல் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "நாங்க என்ன மிருகமா, அட்ராக்டா?"

நூலா கல்லாவைச் சுற்றி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர்கள். மனசு லேசாகி வீட்டுக்கு வந்தேன்.

செப்டம்பர் 24, சனி

போய் வந்தோம்.

முப்பது வருடமாக மாலக்கி அந்தக் கதவைத் திறந்தால் கோனல் சொல்வது ஒன்றுதான்: "ஐயோ வந்துட்டான், கதவ மூடு நூலா!" மாலக்கி பதிலுக்கு அவன் படகைப் பற்றி ஏதாவது சொல்வான். அது கடலில் இருந்த நாளைவிடப் பட்டறையில் கிடந்த நாள்தான் அதிகம் என்று. அப்படித்தான் அங்கே இரவு ஆரம்பிக்கும்.

இன்று கோனல் எழுந்து நாற்காலி கொடுத்தான். "நல்லா இருக்கியா, மாலக்கி? நல்லா தெளிஞ்சிருக்கப்பா." சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். போனது குரல்தானே, காதா?

மாலக்கி சட்டைப் பையில் ஒரு குறிப்பேடும் பென்சிலும் வைத்திருந்தான். கோனல் தன் எஞ்சின் மறுபடி நின்றுபோன கதையைச் சொன்னபோது அவன் வேகவேகமாக எழுதினான். எழுதி முடித்து நிமிர்ந்தால் பேச்சு கால்பந்துக்குப் போய்விட்டது. கோனல் மரியாதையாக வாங்கிப் படித்து, "ஹா, நல்லா சொன்ன" என்று திருப்பிக் கொடுத்தான். எல்லோரும் புன்னகைத்தார்கள். பாதிரியார் சொல்லும் ஜோக்குக்குப் புன்னகைப்பார்களே, அந்தப் புன்னகை.

பிறகு எல்லோரும் கிளாசைத் தூக்கினார்கள். ஸ்லான்ச்சா என்றார்கள்.

எங்கள் ஐரிஷில் உடல்நலம் என்று அர்த்தம். எங்கள் நிலையத்து வாசல் போர்டில் அந்தச் சொல்தான் இருக்கிறது. நான் தினமும் அதன் கீழே நுழைகிறேன். பப்பில் குடிப்பதற்கு முன் சொல்வதும் அதுதான். ஆனால் அங்கே யாராவது அர்த்தத்தை நினைத்தா சொல்கிறார்கள்? கதையின் நடுவில், ஒருவன் இன்னொருவனைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே, ஸ்லான்ச்சா என்று சொல்லிவிட்டு மீதியைத் திட்டுவான். இன்று பேச்சை நிறுத்தி, மாலக்கியின் கழுத்தைப் பார்த்து, ஒவ்வொருவரும் மனதாரச் சொன்னார்கள். அவன் கிளாஸ் பாதியில் நின்றது.

செப்டம்பர் 25, ஞாயிறு

காலையிலிருந்து ஒரு வரிகூட எழுதிக் காட்டவில்லை.

அக்டோபர் 6, வியாழன்

பேச்சுப் பயிற்சி. ஸ்பெயின்காரப் பெண், பெயர் இனெஸ். கெட்டிக்காரி, அன்பானவள். கழுத்தில் அழுத்திப் பிடித்தால் ரீங்கரிக்கும் ஒரு கருவி கொடுத்தாள். வாயை அசைத்தால் அந்த ரீங்காரமே சொல்லாக வருகிறது. ஏற்றம் இறக்கம் எதுவும் கிடையாது. மாலக்கி ஒரே ஒரு "ஹலோ" சொன்னான். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவனே திடுக்கிட்டுவிட்டான். வீட்டுக்கு வந்ததும் கருவி மேஜை டிராயருக்குள் போய்விட்டது.

அவளிடம் ஒரு படிவம் இருந்தது. திரும்பவும் எதைச் செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று கேள்வி. மாலக்கி ஒரே சொல் எழுதினான்: க்ராக்.

"ஓ, வேடிக்கை, பொழுதுபோக்கு! நான் இங்க வந்ததும் முதல்ல கத்துக்கிட்ட வார்த்தையே இதுதான்" என்று அந்தப் பெண் சந்தோஷமாக எழுதிக்கொண்டாள். சினிமா போகலாமே, சீட்டாட்டம் இருக்கிறதே, நாய் வளர்க்கிறீர்களா?

மாலக்கி பென்சிலை வாங்கி அவள் எழுதியதை அடித்தான். கோபமாக இல்லை. அடித்துவிட்டு என்னைப் பார்த்தான். நீ சொல்லு என்று.

நான் எங்கே சொல்ல! எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல் என்றால் வாய் அடைத்துப் போகிறது. "அது... வந்து, வேடிக்கை இல்லம்மா. சேதி மாதிரி. ஆனா வெறும் சேதியும் இல்ல" என்று உளறினேன். அவள் 'சமூகத் தொடர்பு' என்று எழுதினாள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

திரும்பி வரும்போது காரில் யோசித்துக்கொண்டே வந்தேன். வேடிக்கையைத் தனியாகவும் அனுபவிக்கலாம். டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். க்ராக் அப்படி இல்லை. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் "என்ன க்ராக்?" என்று கேட்கிறோமே, என்ன சேதி கொண்டு வந்தாய் என்றுதானே அதற்கு அர்த்தம்? ஒருவன் சேதியை எடுத்துப் போட வேண்டும். ஒருத்தி அதை நம்பக் கூடாது. இன்னொருவன் நடுவில் புகுந்து கெடுக்க வேண்டும். யாருடைய காலையாவது வார வேண்டும், வாரப்பட்டவன் திருப்பிக் கொடுக்க வேண்டும். என்னைப் போல் சும்மா உட்கார்ந்து சிரிக்கவும் ஆள் வேண்டும். குடி இல்லாமலும் வரும், வெறும் டீயிலேயே வரும். எட்டு மணிக்கு வா என்றால் வராது. நன்றாக வந்துவிட்டால் மறுநாள் "நேத்து க்ராக் தொண்ணூறு" என்பார்கள். எதில் தொண்ணூறு என்று யாருக்கும் தெரியாது.

என் அக்காள் புருஷன் வாத்தியார். அந்தச் சொல் நம்முடையதே இல்லை என்று ஒரு கிறிஸ்துமஸ் அன்று ஆரம்பித்தார். கடலுக்கு அந்தப் பக்கம் ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் அரட்டைக்கும் சேதிக்கும் சொன்ன வார்த்தையாம். வடக்கு வழியாக நம் பேச்சுக்குள் வந்ததாம், நம் ஐரிஷ் எழுத்துக்கூட்டலில் எழுத ஆரம்பித்தது பின்னால்தானாம். மாலக்கி உருளைக்கிழங்கை விழுங்கிவிட்டுச் சொன்னான்: "முப்பது வருஷமா இங்க இருக்கிற டாக்டர இன்னும் வெளியூர்க்காரர்னுதான் சொல்றோம். இந்த வார்த்தைய எப்படிய்யா உள்ள விட்டோம்? யாரோ அசந்திருக்காங்க."

அந்தக் குரல். அதற்கு என்ன விலை வேண்டுமானாலும்...

அக்டோபர் 15, சனி

பப்பில் அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டான். ஆறு பேர் வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். கோனல் அவனுக்குக் கோட்டு மாட்டிவிட்டான். கோனல்! இவன் கோட்டுப் பையில் ஒருமுறை உயிருள்ள நண்டைப் போட்டவன்.

நவம்பர் 2, புதன்

இறந்தவர்களுக்கான பூசை. கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து சூப் குடித்தோம். அவன் குறிப்பேட்டை என் பக்கம் தள்ளினான்.

"அவங்களுக்கு நான் செத்துட்டேன். மூணு மாசமா ஒருத்தன்கூட என்னக் கேவலமாப் பேசல."

நான் தட்டைக் கழுவப் போனேன். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நவம்பர் 12, சனி

மாலக்கிக்கு இன்று அறுபத்திரண்டு. ஊரே சேர்ந்து மண்டபத்தில் விழா எடுத்தது. பலூன், பாட்டுக் குழு, நகரத்திலிருந்து சிரிப்புப் பேச்சாளர் ஒருவர். வாசலில் நோட்டீஸ்: 'இசை! உணவு! க்ராக்!' அதைப் பார்க்காத மாதிரி மாலக்கியை உள்ளே கூட்டிப் போனேன்.

பேச்சாளர் திறமைசாலிதான். நானே இரண்டு தடவை சிரித்தேன். பாட்டும் நன்றாக இருந்தது. வேடிக்கைக்குக் குறையே இல்லை. எல்லோரும் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மாலக்கி எல்லோருக்கும் நன்றி என்று அட்டையில் எழுதித் தூக்கிக் காட்டினான். கைதட்டினார்கள். கைதட்டுகிறார்கள்! மாலக்கிக்கு!

நவம்பர் 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, உட்காராமல், நின்றுகொண்டே சொன்னேன். "நான்தான் அவங்ககிட்ட சொன்னேன். ஒன்ன ஓட்டக் கூடாதுன்னு. நீ திருப்பிப் பேச முடியாம நிக்கறத என்னால பாக்க முடியாதுன்னு..."

அவன் முதலில் புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்தது. புரிந்தது எனக்கும் தெரிந்தது. குறிப்பேட்டில் ஒரே சொல் எழுதினான். "நீயா?"

அதற்குக் கீழே வேறு ஏதோ எழுத ஆரம்பித்தான். பென்சில் முனை ஒடிந்தது. எழுந்து சின்ன அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் என்ன பண்ணிட்டேன்? நல்லதுன்னுதானே பண்ணேன்? இல்ல. எனக்காகப் பண்ணேன். அவன் அசிங்கப்படறத நான் பாக்கக் கூடாதுன்னு பண்ணேன். அவன் அசிங்கப்பட்டா என்ன, அதுதானே அவன் கேட்டது.

நவம்பர் 23, புதன்

சின்ன அறையில்தான் படுக்கிறான். குறிப்பேடு மேஜையில் மூடியே கிடக்கிறது.

நவம்பர் 28, திங்கள்

நூலாவிடம் போனேன். நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். பழையபடி அவனை ஓட்டச் சொல்லு எல்லோரையும்.

அவள் கிளாஸ் துடைப்பதை நிறுத்தினாள். "அட்ராக்டா, ஓட்டாதேன்னா ஓட்டாம இருக்கலாம். ஓட்டுன்னா எப்படிடி ஓட்டறது? நீ கேட்டு நான் பண்ணா அது நாடகம்டி, க்ராக் இல்ல."

"முயற்சியாவது பண்ணுங்க."

"பண்றோம்" என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

டிசம்பர் 3, சனி

பண்ணினார்கள். கடவுளே.

கதவு திறந்ததும் கோனல், "வந்துட்டான், கதவ மூடு" என்றான். பள்ளிக்கூட நாடகத்தில் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற மாதிரி வந்தது. சொல்லிவிட்டு உடனே என் முகத்தைப் பார்த்தான், சரியாகச் சொன்னேனா என்று. மாலக்கி அதைப் பார்த்துவிட்டான். கால் மணி நேரம்கூட உட்காரவில்லை. காரில் ஏறி உட்கார்ந்து வீடுவரை ஜன்னல் பக்கமே பார்த்து வந்தான்.

ஆனால் இன்று என் பக்கத்தில் படுத்தான். ஏன் என்று கேட்கவில்லை.

டிசம்பர் 19, திங்கள்

ஸ்கேன். நுரையீரலுக்குப் போய்விட்டது. இரண்டு பக்கமும். டாக்டர் நல்ல மனிதர், எதையும் சுற்றி வளைக்கவில்லை. மாலக்கி "ஈஸ்டர் வரைக்கும்?" என்று எழுதிக் காட்டினான். அவர் தலையை ஆட்டினார். ஆம் என்று இல்லை.

ஊருக்கு இன்னும் சொல்லவில்லை.

2017 ஜனவரி 5, வியாழன்

பாத்திரம்கூடக் கழுவாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

பத்தரை மணி. நான் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டாமல் ஹ்யூடி உள்ளே வந்தான். நேற்றுத்தான் கிளாஸ்கோவிலிருந்து வந்திருக்கிறான். மகளுக்கு இரட்டைக் குழந்தை, அதனால்தான் ஐந்து மாதம். ஆபரேஷன் நடந்தது அவனுக்குத் தெரியும். நான் ஊருக்குப் போட்ட உத்தரவு தெரியாது. ஸ்கேன் விஷயமும் தெரியாது.

தொப்பியைக் கழற்றினான். மாலக்கியைப் பார்த்தான், கழுத்துத் துணியைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"வாழ்த்துக்கள் அட்ராக்டா. கல்யாணமாகி இத்தன வருஷத்துல இப்பத்தான் இந்த வீட்டுல ஒன் குரல் கேக்குது."

எனக்குக் கத்தி நழுவியது. மாலக்கி முன்னால் குனிந்தான், தோள் குலுங்கியது, கழுத்துத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. மூச்சு முட்டுகிறது என்று பாய்ந்தேன். முட்டவில்லை. சிரிக்கிறான்! குரல்வளை இல்லாதவன் சிரித்தால் சத்தம் வராது, ஓட்டை வழியாகக் காற்றுத்தான் வரும் என்று இனெஸ் சொல்லியிருந்தாள். ஐந்து மாதத்தில் இன்றைக்குத்தான் அதைப் பார்க்கிறேன்.

குறிப்பேட்டை இழுத்தான். ஹ்யூடி மேஜையைத் தட்டினான். "சீக்கிரம் எழுதுடா, நான் சாகறதுக்குள்ள."

மாலக்கி எழுதிக் காட்டினான்: "பந்தயமா?"

ஹ்யூடி படித்தான். மாலக்கியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் தாடை ஆடியது. பேச்சு இங்கேயே செத்துவிடும் என்று நினைத்தேன். இனி இவனும் எழுந்து நாற்காலி கொடுப்பான், ஸ்லான்ச்சா சொல்வான்.

"நீயா? என்ன முந்தப் போறியா? ஓட்டப் பந்தயத்துல நீ என்னிக்குடா மூணாவதுக்கு மேல வந்த?"

மாலக்கி மேஜையில் அறைந்தான். மறுபடி துணி படபடத்தது. ஹ்யூடி கண்ணைத் துடைத்துக்கொண்டே கிளாஸ்கோ கதையை ஆரம்பித்தான். இரட்டைக் குழந்தைகளில் ஒன்றுக்கு இரண்டு தடவை பால் கொடுத்துவிட்டு இன்னொன்றைப் பட்டினி போட்டதை. நான் நம்பவில்லை. நம்பாதே என்று மாலக்கி எனக்குச் சைகை காட்டினான். ஹ்யூடி சத்தியம் செய்தான். இரண்டு மணி நேரம். ரொட்டி முழுவதும் தீர்ந்துவிட்டது.

சாவு அந்த மேஜையில்தான் எங்களோடு உட்கார்ந்திருந்தது. அதுவும் க்ராக்கில் சேர்ந்துகொண்டது. இதை எப்படி அந்த ஸ்பெயின்காரப் பெண்ணிடம் சொல்லியிருப்பேன்?

ஜனவரி 6, வெள்ளி

காலையில் டிராயர் திறக்கும் சத்தம். கருவியை எடுத்து வைத்துக்கொண்டு கண்ணாடி முன் ஒரு மணி நேரம் பழகினான். எழுதினால் தாமதமாகிறதாம். பதில் என்பது அந்த நொடியில் விழ வேண்டுமாம், ஆறிப் போனால் எதற்கும் ஆகாதாம்.

ஹ்யூடி வந்தான். கேட்டான். "ஜாம் பாட்டில்ல ஈய அடச்ச மாதிரி இருக்கு."

கருவி ரீங்கரித்தது: "ஒன் மூஞ்சிக்கு இது போதும்."

அந்த நொடியில் விழுந்தது.

ஜனவரி 11, புதன்

ஹ்யூடி தினமும் வருகிறான். இன்று அவனிடம் மாலக்கி கருவி வைத்துச் சொன்னான், என்னைக் கட்டைவிரலால் காட்டி:

"ஊர் வாய அடச்சவ இவதான். நாலு பாதிரியார் முயற்சி பண்ணாங்க. முடியல."

"ஒருத்தியாவா? நம்ப முடியலயே."

"ஒரே சாயங்காலம். ஒத்த ஆளு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் டவலை எடுத்து ஹ்யூடியை அடித்தேன். அப்புறம் பின்பக்கம் கரி எடுக்கப் போகிற சாக்கில் போய் நின்று அழுதேன். மன்னித்துவிட்டான். மன்னித்தேன் என்று சொல்கிற ஆள் இல்லை அவன். என்னைக் கதையாக்கி இன்னொருவன் முன்னால் போட்டுவிட்டான். அதுதான்.

சனிக்கிழமை பப்புக்குப் போவதாக முடிவு. கருவியோடு. கோனலுக்காக ஒன்றைத் தயார் செய்து வைத்திருக்கிறானாம், எனக்குக்கூடச் சொல்ல மாட்டானாம்.

ஜனவரி 13, வெள்ளி

காய்ச்சல். மூச்சு வாங்குகிறது. நாளைக்கு இல்லை, அடுத்த சனிக்கிழமை.

ஜனவரி 21, சனி

அடுத்த சனிக்கிழமை.

ஜனவரி 30, திங்கள்

வீட்டிலேயே ஆக்சிஜன். நர்ஸ் தினம் இரண்டு தடவை வருகிறாள். கருவியைத் தூக்கிப் பிடிக்கக் கையில் தெம்பு இல்லை. நான் பிடிக்கிறேன் என்றால் வேண்டாம் என்கிறான். நான் பிடித்தால் தாமதமாகுமாம்.

கோனல் வாசல்வரை வந்து ஒரு மீனைக் கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் போய்விட்டான். "தொந்தரவு பண்ணல" என்றான்.

பண்ணேன்டா. பண்ணித் தொலையேன்.

பிப்ரவரி 7, செவ்வாய்

ஆறு பத்துக்குப் போய்விட்டான். என் கை அவன் கையில்தான் இருந்தது.

பிப்ரவரி 9, வியாழன்

நேற்றும் இன்றும் வீடு நிறைய ஆட்கள். முன்னறையில் சவப்பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் அவன் கையைத் தொடுகிறார்கள், என் கையைப் பிடித்து "ஒன் கஷ்டத்துக்கு வருத்தப்படறேன்" என்கிறார்கள், பிறகு டீ, ஹாம் வைத்த ரொட்டி. நூலா சமையலறையை எடுத்துக்கொண்டாள். என்னை ஒரு கோப்பைகூடத் தொட விடவில்லை.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். பெட்டிக்குப் பக்கத்தில் கோனல். யாரிடமோ மெதுவாக ஆரம்பித்தான். "நான் மார்கரெட் டோர்ரியனுக்கு ஒரு லெட்டர் எழுதினேன். இந்தப் படுபாவி அத மலைக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு மார்கரெட் கையில குடுத்தான். வேணும்னே குடுத்தான்! கேட்டா, எழுத்து புரியலன்னான். அந்த மார்கரெட்தான் இன்னிக்கு என் பொண்டாட்டி."

சமையலறையிலிருந்து மார்கரெட் கத்தினாள். "எனக்கும் அதே புகார்தான்!"

அவ்வளவுதான். அணை உடைந்தது. இவன் ஒரு கதை, அவள் அதை மறுத்து இன்னொன்று. அஞ்சலட்டைகளைப் படித்துவிட்டுத்தான் கொடுப்பான், "ஒன் தங்கச்சிக்கு வெயில் ஒத்துக்கலயாம்" என்று சொல்லிக்கொண்டே நீட்டுவான். நாய்க்குப் பயந்து ஒரு வருடம் ஒரு வீட்டுக்குக் கரண்ட் பில்லே கொடுக்கவில்லை. அவன் மூக்கு, அவன் கஞ்சத்தனம், அவன் பாட்டு. அவனைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்கள், கையை நீட்டி, திட்டி. வீடு குலுங்கியது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று எழுந்துவிட்டேன்.

"இதெல்லாம் எங்கடா வெச்சிருந்தீங்க? செப்டம்பர்ல எங்க இருந்துச்சு? உயிரோட இருந்தானேடா! இந்த நாற்காலியிலதானே இருந்தான்!"

கோனல் தரையைப் பார்த்தான்.

"நீதானே கேட்டுக்கிட்ட, அட்ராக்டா."

குத்திக் காட்டவில்லை. மிருதுவாகத்தான் சொன்னான். உண்மையாச்சே. உட்கார்ந்தேன். ஹ்யூடி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையில் இன்னொரு டீயைத் திணித்துவிட்டு, மேலே சொல்லு கோனல் என்றான்.

பிப்ரவரி 10, வெள்ளி

அடக்கம். காற்று. பாதிரியாரின் தாள் பறந்து போனது.

மார்ச் 13, திங்கள்

வேலைக்குத் திரும்பி இரண்டு வாரம். எல்லோரும் என்னிடம் அவ்வளவு நல்லவர்களாக நடந்துகொள்கிறார்கள். கடையில் நான் நுழைந்தால் பேச்சு நின்று, தாழ்ந்து, திரும்ப ஆரம்பிக்கிறது. வரிசையில் முன்னால் விடுகிறார்கள். "எப்படி இருக்க?" தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்கிறார்கள். என் புதுக் கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுக்குகிறது, கேலிக்கு அதைவிட நல்ல சாமான் உண்டா? ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

இதுதான் அது. ஐந்து மாதம் அவன் இதில்தான் இருந்தான். நான் கட்டிக் கொடுத்த வீட்டில்.

ஏப்ரல் 27, வியாழன்

இன்று காத்திருப்பவர்கள் அறை நிரம்பி வழிந்தது. மூன்று ஜான் கல்லகர்கள். இந்த ஊரில் பாதிப் பேர் கல்லகர், அதனால் அடையாளத்துக்குப் பட்டியல் ஓரத்தில் பட்டப்பெயரை எழுதி வைப்பது என் வழக்கம். எனக்காக மட்டும். அந்தப் பட்டப்பெயர்களை அவரவர் காதுபட யாரும் சொல்வதில்லை. கண்ணாடி வழுக்கிவிட்டது. மைக்கில் ஓரத்தில் இருந்ததை வாசித்துவிட்டேன்.

"உப்புக்கருவாடு! உப்புக்கருவாடு, இரண்டாம் அறைக்கு!"

எழுபத்தாறு வயது ஜான் கல்லகர் மெதுவாகக் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "அறுபது வருஷமா என் முதுகுக்குப் பின்னாலதான் சொன்னாங்க. அரசாங்கமே மைக் போட்டுச் சொல்லும்னு நெனைக்கல."

அறை வெடித்தது. நூலா ரத்த அழுத்தம் பார்க்க வந்திருந்தாள், மூலையிலிருந்து கத்தினாள். "மாலக்கி இருந்த வரைக்கும் இவ வாயே தெறக்கல. இப்ப பாரு, ஊருக்கே ஞானஸ்நானம் பண்றா!"

சொன்னதும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சிரித்தேன். நன்றாக, வாய்விட்டு. அப்புறம் அவளும்.

ஐந்தரைக்கு வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். வழியெல்லாம் கதையை அடுக்கிக்கொண்டே வந்தேன், எங்கே ஆரம்பிப்பது, கிழவர் சொன்னதை எதுவரை பிடித்து வைப்பது, நூலாவைக் கடைசியில் விடுவது. கதவைத் திறந்து, "டேய், இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே உள்ளே போனேன்.

சமையலறை வரைக்கும் போய்விட்டேன்.

கோட்டைக் கழற்றவில்லை. கதை வாயிலேயே இருந்தது. திரும்பவும் கதவைச் சாத்திக்கொண்டு ஹ்யூடி வீட்டுக்கு நடந்தேன். தட்டாமல் உள்ளே போனேன். அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். உட்காரக்கூட இல்லை, சொன்னேன். நடுவில் அவன் இரண்டு இடத்தில் நம்பவில்லை, ஒரு இடத்தில் கெடுத்தான். பரவாயில்லை, எனக்கு நன்றாகத்தான் வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"ஐயோ, இதுக்கு மாலக்கி என்ன சொல்லியிருப்பான்?" என்றான்.

இரண்டு பேரும் யோசித்தோம். அவன் ஒன்று சொல்லிப் பார்த்தான். இல்லை என்றேன். நான் ஒன்று சொன்னேன். அவன் தலையை ஆட்டினான், அதுவும் இல்லை. கெட்டில் கொதித்து நின்றது. என்ன சொல்லியிருப்பான் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.